10 கிலோவாட் இன்வர்ட்டருக்கு எத்தனை பேனல்? கொங்கு வெயிலில் நண்பகல் கிளிப்பிங்கைக் கணக்குப் போடும் முறை

சோலார் போட விலை கேட்கும்போது ஒருவர் 10 கிலோவாட் இன்வர்ட்டருக்கு 18 பேனல் போதும் என்பார், இன்னொருவர் 24 போடலாம் என்பார், மூன்றாமவர் 28 வரைக்கும் தாங்கும் என்பார். முதன்முறை போடுகிறவருக்கு இதில் யாரை நம்புவது என்று தெரியாது. அதிகமாகப் போட்டால் இன்வர்ட்டர் எரிந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், மதிய நேரத்தில் கரண்ட் வீணாகிறதே என்ற கவலை இன்னொரு பக்கம். தன் அளவுக்கு மேல் வருவதை இன்வர்ட்டர் வாங்காமல் விடுவதற்குத்தான் கிளிப்பிங் என்று பெயர். கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் இந்தக் கேள்விக்கு நீங்களே விடை காணலாம். பல்லடம் பக்கத்தில் ஒரு தறிக்கூடத்தின் கூரையை எடுத்துக்காட்டாக வைத்துக் கடைசி வரைக்கும் போட்டுக் காட்டுகிறோம். இன்வர்ட்டர் 10 கிலோவாட், மூன்று ஃபேஸ். பேனல் ஒவ்வொன்றும் 550 வாட்.

முதலில் விகிதம். பேனல்களின் மொத்த வாட்டை இன்வர்ட்டரின் வாட்டால் வகுத்தால் அதுதான்.

```
22 × 550 = 12100 W
12100 ÷ 10000 = 1.21
```

22 பேனல் போட்டால் விகிதம் 1.21. 18 போட்டால் 0.99. இந்த எண் 1-ஐத் தாண்டினாலே தப்பு என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நம்முடைய வெயிலில் 18 பேனல்தான் தப்பு. ஏன் என்று பார்ப்போம்.

பேனலில் அச்சடித்த வாட் நம் கூரையில் வராது

பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள 550 என்பது ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவு. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், பேனலுக்குள் இருக்கும் செல்லின் சூடு 25 டிகிரி என்ற நிலையில் அளந்தது. நம் ஊரில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் அமைவதே இல்லை. வெளிச்சம் 1000-ஐ நெருங்கும் நேரத்தில் செல் பெரும்பாலும் 60 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

மார்ச் மாதம் மேகமில்லாத ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் 950 வாட், நிழலில் வெப்பம் 34 டிகிரி. வெளிச்சம் 800 வாட் இருக்கும்போது பேனலின் செல் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 25 டிகிரி கூடுதலாகச் சுடும், டேட்டாஷீட்டில் என்.ஓ.சி.டி. 45 என்று போட்டிருப்பதன் பொருள் இதுதான். அதே விகிதத்தில் 950 வாட்டுக்கு 30 டிகிரி. ஆக 34-உம் 30-உம் சேர்ந்து 64 டிகிரி. ஆய்வுக்கூடத்தின் 25-ஐவிட 39 டிகிரி அதிகம். மோனோ பெர்க் வகைப் பேனல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் இழக்கும். 39-ஐ 0.35-ஆல் பெருக்கினால் 13.6 சதவீதம் சூட்டிலேயே போய்விட்டது. டாப்கான் வகையில் இழப்பு டிகிரிக்கு 0.30 அளவுதான், அதனால் அதில் கொஞ்சம் கூடுதலாக வரும்.

இதற்கு மேல் தூசி. தறிக்கூடத்துப் பஞ்சும் ரோட்டுப் புழுதியும் படிந்த பேனலுக்கு 3 சதவீதம் என்று வைப்பது தாராளமல்ல. கோழிப்பண்ணை பக்கத்தில் இருந்தால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒயரிலும், பேனலுக்குப் பேனல் உள்ள சின்ன வித்தியாசத்திலும் 2 சதவீதம். இன்வர்ட்டருக்குள் இரண்டரை சதவீதம். எல்லாவற்றையும் பெருக்கினால்:

```
0.95 × 0.864 × 0.97 × 0.98 × 0.975 = 0.76
```

அச்சடித்த வாட்டில் 76 சதவீதம். மார்ச் மாத நல்ல வெயிலில், நடு மதியத்தில் கிடைப்பதே இவ்வளவுதான். 18 பேனல், அதாவது 9.9 கிலோவாட், மதியம் 7.5 கிலோவாட்டைத்தான் தரும். 10 கிலோவாட் இன்வர்ட்டருக்குக் காசு கொடுத்து வாங்கி, அதில் கால் பங்கைப் பெரும்பாலும் தொடாமல் சுவரில் மாட்டி வைப்பது போலத்தான். 22 பேனல் 9.2 கிலோவாட் தரும். 24 பேனல் போட்டால்தான், விகிதம் 1.32-க்கு வந்தால்தான், அந்த நாளில் இன்வர்ட்டர் முதன்முதலாக 10 கிலோவாட்டைத் தொடும்.

இந்த 0.76-ஐ உங்கள் கூரைக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். தகரக் கூரையில் ஒட்டினாற்போல் பேனல் போட்டிருந்தால் கீழே காற்று ஓடாது, செல் இன்னும் சுடும், எண் 0.74 பக்கம் இறங்கும். உயரமான இரும்புச் சட்டத்தில் நாலு பக்கமும் காற்று வாங்கும்படி நிறுத்தியிருந்தால் 0.78 பக்கம் ஏறும்.

எப்போது கிளிப்பிங் நடக்கிறது

26 பேனல் போட்டிருந்தால் அவை மார்ச் மதியத்தில் 10.9 கிலோவாட் கொடுக்கத் தயாராக இருக்கின்றன, இன்வர்ட்டர் 10-க்கு மேல் வெளியே அனுப்பாது. அப்போது மிச்சமுள்ள 0.9 எங்கே போகிறது? இன்வர்ட்டர் அதை வாங்குவதே இல்லை. பேனலின் வோல்டேஜைக் கொஞ்சம் மேலே தள்ளுகிறது. வோல்டேஜ் ஏறினால் ஆம்பியர் இறங்கும், பேனலே குறைவாகக் கொடுக்கும். வாங்காத பங்கு பேனலிலேயே சிறு சூடாகத் தங்கிவிடுகிறது. இன்வர்ட்டருக்குள் எதுவும் எரிவதில்லை, திணிக்கப்படுவதும் இல்லை. அதனால் வாட் கூடுதலாக இருப்பதால் மட்டும் இன்வர்ட்டர் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். வோல்டேஜ் கூடுதலாவது வேறு கதை, அதைப் பின்னால் சொல்கிறோம்.

நண்பகல் என்பதை 12 மணி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோயம்புத்தூர் 77 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கிறது, நம் கடிகாரமோ 82.5 டிகிரியில் ஓடுகிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:22-க்கு. பிப்ரவரி நடுவில் 12:36 வரை தள்ளும், நவம்பர் தொடக்கத்தில் 12:06-க்கே வந்துவிடும். இன்வர்ட்டரின் ஆப்பில் அன்றைய கிராஃபைப் பார்க்கும்போது உச்சி வலது பக்கம் தள்ளியிருப்பது இதனால்தான், பேனல் கோணலாக மாட்டியதால் அல்ல.

சித்திரை வெயிலில்தான் கிளிப்பிங் அதிகம் என்று தோன்றும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது, உண்மை. ஆனால் அப்போது பேனலும் மிக அதிகமாகச் சுடும், புழுதி கலந்த மங்கல் வானமும் இருக்கும். அதிகபட்ச வாட்டைப் பார்க்க வேண்டுமானால் முந்தின நாள் மழை பெய்து பேனலைக் கழுவிவிட்டு, மறுநாள் வானம் வெளுத்து, குளிர்ந்த காற்றும் வீசும் நாளைப் பாருங்கள். அன்று வெளிச்சம் 1000-ஐத் தொடும், செல் 55 டிகிரியில் நிற்கும், தூசி இழப்பு 1 சதவீதம்தான். அதே கணக்கைப் போட்டால் 0.76 இருந்த இடத்தில் 0.85 வரும். 24 பேனல் அன்று 11.2 கிலோவாட் தரப் பார்க்கும், 26 பேனல் 12.1 தரப் பார்க்கும்.

ஆடிக் காற்றுக் காலம் இன்னொரு வகை. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மேகத்தைத் துண்டு துண்டாகத் தள்ளிக்கொண்டு வரும். மேகம் விலகும் விளிம்பில், நேர் வெயிலோடு மேகத்தின் ஓரத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்து, சில நொடிகளுக்கு 1100-க்கு மேலேகூடப் போகும். நிழலில் இருந்த பேனலும் ஆறியிருக்கும். அந்தச் சில நொடிகளில் கிளிப்பிங் நடக்கும், ஆனால் ஆப் 5 நிமிடச் சராசரியைத்தான் வரைகிறது, அதனால் கிராஃபில் தெரியாது. யூனிட் கணக்கில் இது சொற்பம், பொருட்படுத்த வேண்டாம்.

இழப்பை யூனிட்டாக மாற்றுவது

கிராஃபில் தட்டையாக வெட்டுப்பட்ட பகுதிக்கு மேலே ஒரு சின்ன மேடு இருந்திருக்க வேண்டும். அந்த மேட்டின் பரப்புதான் இழந்த யூனிட். மேடு வளைவாக இருப்பதால், உயரத்தையும் நேரத்தையும் பெருக்கி அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தால் போதுமான அளவு சரியாக வரும்.

```
இழந்த யூனிட் = உச்சியில் மிஞ்சிய கிலோவாட் × தட்டையாக நின்ற மணி × 2/3
```

26 பேனலுக்குப் போடுவோம். மொத்தம் 14.3 கிலோவாட், விகிதம் 1.43. மார்ச் நாளில் 0.76-ஆல் பெருக்கினால் உச்சியில் 10.9. மிஞ்சியது 0.9. கிராஃப் காலை 11:05 முதல் மதியம் 1:55 வரை தட்டையாக நிற்கும், ஏறக்குறைய 2.8 மணி. 0.9, 2.8, 2/3 மூன்றையும் பெருக்கினால் 1.7 யூனிட். அன்று முழுவதும் வந்திருக்க வேண்டியது சுமார் 79 யூனிட். ஆக இழப்பு 2 சதவீதம்.

பெரும்பாலான விற்பனையாளர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள்: "வெறும் 2 பர்சன்ட்தானுங்க, தாராளமா போடலாமுங்க." கணக்கு பொய்யல்ல, ஆனால் கேள்வி தவறு. நீங்கள் முடிவெடுக்க வேண்டியது 26 பேனலைப் பற்றி அல்ல; 24-க்கு மேல் போடப் போகும் அந்த இரண்டு பேனலைப் பற்றி. 24 பேனல் வரைக்கும் அன்று இழப்பே இல்லை. எனவே அந்த 1.7 யூனிட்டும் கடைசி இரண்டு பேனலின் தலையில்தான் விழ வேண்டும். அந்த இரண்டும் அன்று தந்திருக்கக்கூடியது 6.1 யூனிட். அதில் 1.7 போனால் 28 சதவீதம். 2 சதவீதம் என்று கேட்டதற்கும் 28 சதவீதம் என்று கேட்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். இரண்டும் ஒரே நாளின் ஒரே இழப்பு.

ஆனால் எல்லா நாளும் மார்ச் அல்ல. மேகமூட்டமான நாளிலும் காலை மாலையிலும் அந்த இரண்டு பேனலும் முழுப் பலனைத் தருகின்றன. எனவே ஆண்டுக் கணக்குப் போட வேண்டும். நம் பக்கம் ஒரு கிலோவாட் பேனலுக்கு நாளுக்கு 4 யூனிட் என்பது எல்லோரும் வைக்கும் சராசரி. இரண்டு பேனல் 1.1 கிலோவாட், ஆண்டுக்கு 1600 யூனிட். ஆண்டில் மார்ச் மாதிரித் தெளிந்த நாள் 100, மழை கழுவிவிட்ட நாள் 20 என்று வைத்து, மேலே சொன்ன சூத்திரத்தை ஒவ்வொன்றுக்கும் போட்டால் இப்படி வரும்:

| பேனல் | விகிதம் | மார்ச் நண்பகலில் வர வேண்டியது | கடைசி 2 பேனல் ஆண்டில் இழப்பது |
|---|---|---|---|
| 22 | 1.21 | 9.2 கிலோவாட் | 5 யூனிட் |
| 24 | 1.32 | 10.0 கிலோவாட் | 46 யூனிட், 3 சதவீதம் |
| 26 | 1.43 | 10.9 கிலோவாட் | 236 யூனிட், 15 சதவீதம் |
| 28 | 1.54 | 11.7 கிலோவாட் | 340 யூனிட், 21 சதவீதம் |

100, 20 என்ற நாள் எண்ணிக்கை கணக்குக்காக வைத்தது. உங்கள் ஊரில் மேகம் கூடுதல் என்றால், பொள்ளாச்சி, ஆனைமலை போல மலையடிவாரம் என்றால், 100-ஐ 70 ஆக்குங்கள். தாராபுரம், வெள்ளகோவில், காங்கேயம் போல வறண்ட பக்கம் என்றால் 120 வையுங்கள். பக்கத்தில் யாராவது ஏற்கெனவே சோலார் போட்டிருந்தால் அவருடைய ஆப்பில் போன ஆண்டின் கிராஃபைப் புரட்டி, மேகம் குறுக்கிடாத முழு வளைவு எத்தனை நாள் வந்தது என்று எண்ணிவிடலாம். அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை.

இதை வைத்து எங்கள் முடிவு: தெற்கு நோக்கிய கூரை, மோனோ பெர்க் பேனல் என்றால் 1.2 முதல் 1.3 வரை கேள்வியே கேட்காமல் போடலாம். கிளிப்பிங் இழப்பு கிட்டத்தட்ட இல்லை. 1.4 வரைக்கும் போவது, கடைசி பேனல்களில் 15 சதவீதம் போனாலும் மிச்ச 85 சதவீதத்துக்கு அந்தப் பேனலும் சட்டமும் கட்டுப்படியாகுமா என்பதைப் பொறுத்தது. பல நேரம் கட்டுப்படியாகும், ஏனென்றால் அந்தக் கூடுதல் பேனலுக்கு இன்வர்ட்டர் செலவு, மீட்டர் செலவு, எர்த் குழி செலவு எதுவும் புதிதாக இல்லை. 1.5-க்கு மேல் போக வேண்டிய அளவுக்குக் கூரை இருந்தால் அடுத்த அளவு இன்வர்ட்டரை வாங்குவதே மேல்.

டாப்கான் பேனல் வாங்குகிறீர்கள் என்றால் அதே 64 டிகிரியில் அதன் இழப்பு 11.7 சதவீதம்தான். 0.76 என்பது 0.78 ஆகும். அட்டவணையில் ஒவ்வொரு விகிதத்தையும் 0.03 குறைத்துப் படித்தால் சரியாக இருக்கும்.

தறிக்கூடத்துக்கு இந்தக் கூடுதல் பேனலின் பலன் மதியத்தில் அல்ல, காலையில்தான். காலை எட்டரை மணிக்கு 18 பேனல் 3.4 கிலோவாட் தரும் நேரத்தில் 24 பேனல் 4.6 தரும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் வைத்த இன்னொரு தறியை ஓட்ட அந்த வித்தியாசம் போதும். சாயங்காலம் நாலரை மணிக்கும் இதே கதைதான். மதியம் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும், காலையிலும் மாலையிலும் ஈ.பி.யிலிருந்து இழுப்பது குறைகிறது.

கிழக்கு மேற்காகப் பிரித்தால் கிளிப்பிங் குறையுமா?

பாதி பேனலைக் கிழக்கு நோக்கியும் பாதியை மேற்கு நோக்கியும் போட்டால் மதிய உச்சி தாழ்ந்துவிடும், விகிதத்தை 1.6 வரைக்கும் ஏற்றலாம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். அவர்கள் ஊரில் அது சரி. சூரியன் தாழ்ந்து செல்லும் நாடு, கூரையும் 30, 35 டிகிரி சரிவு. நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். நம் தகரக் கூரையின் சரிவு 8, 10 டிகிரிதான். உச்சி வெயிலில் சூரியன் நேர் மேலே இருக்கும்போது 10 டிகிரி சரிந்த பேனல் இழப்பது ஒன்றரை சதவீதம் மட்டுமே, அது எந்தத் திசையில் சரிந்திருந்தாலும். எனவே கிழக்கு மேற்குக் கூரை உள்ளவர்கள் தாராளமாக அப்படியே போடலாம், ஆண்டு யூனிட் பெரிதாகக் குறையாது. ஆனால் அதை நம்பி விகிதத்தை ஏற்ற வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் மட்டும் உச்சி கொஞ்சம் தாழும்.

இரண்டு திசையையும் ஒரே ஸ்ட்ரிங்கில், அதாவது ஒரே தொடர் வரிசையில், கோக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இன்வர்ட்டரில் பேனல் வரிசை வந்து சேரும் தனித்தனி வாசல்தான் எம்.பி.பி.டி. கிழக்குப் பேனல்கள் ஒரு எம்.பி.பி.டி., மேற்குப் பேனல்கள் இன்னொரு எம்.பி.பி.டி. சேர்த்துக் கோத்தால், காலையில் வெயில் குறைந்த மேற்குப் பேனலின் ஆம்பியருக்கு மொத்த வரிசையும் இறங்கிவிடும்.

வாட்டைவிட முக்கியமானவை: வோல்டேஜும் ஆம்பியரும்

வாட் அதிகமானால் யூனிட்தான் போகும். வோல்டேஜ் அதிகமானால் இன்வர்ட்டரே போய்விடும். புதிதாகப் பேனல் கூட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

550 வாட் பேனல் ஒன்றின் திறந்த வோல்டேஜ் சுமார் 50. லோடு எதுவும் இழுக்காத நேரத்தில், அதாவது காலையில் இன்வர்ட்டர் விழிக்கும் முன், ஒவ்வொரு பேனலிலும் அந்த 50 வோல்ட் நிற்கும். 22 பேனலையும் ஒரே வரிசையில் கோத்தால் 1100 வோல்ட். மார்கழிக் காலையில் 17 டிகிரிக் குளிரில் அது இன்னும் 2 சதவீதம் ஏறி 1120-ஐத் தாண்டும். மூன்று ஃபேஸ் இன்வர்ட்டர்களின் உச்ச வரம்பு பொதுவாக 1000 அல்லது 1100 வோல்ட். ஒயரை மிச்சம் பிடிக்க ஒரே வரிசையாகக் கோத்துவிட்டு, கோடையில் நன்றாக ஓடிய இன்வர்ட்டர் மார்கழியில் செத்துப்போவது இதனால்தான். வாரன்டியும் வராது, ஏனென்றால் இன்வர்ட்டர் தன் மெமரியில் உச்ச வோல்டேஜைக் குறித்து வைத்திருக்கும்.

எங்கள் 24 பேனலை 12, 12 என்று இரண்டு ஸ்ட்ரிங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 600 வோல்ட். இரண்டும் தனித்தனி எம்.பி.பி.டி.க்குப் போகட்டும். மதியச் சூட்டில் ஒவ்வொரு பேனலும் 36 வோல்ட் அளவுக்கு இறங்கினாலும் 12 பேனலில் 430 வோல்ட் இருக்கும். இன்வர்ட்டருக்கு அது போதும்.

அடுத்து ஆம்பியர். இப்போதைய 550 வாட் பேனல் ஓடும்போது 13 ஆம்பியர் தரும், ஷார்ட் ஆனால் 14. பழைய இன்வர்ட்டர் மாடல்கள் சிலவற்றில் ஒரு எம்.பி.பி.டி. 11 ஆம்பியர்தான் வாங்கும். இதில் பெரிய பேனலைப் போட்டால், விகிதம் 1-க்குக் கீழே இருந்தாலும் மதியம் கிராஃப் தட்டையாகிவிடும். 10 கிலோவாட் வரை போகாமலேயே கீழே நின்றுவிடும். விலை குறைவாகக் கிடைக்கும் பழைய ஸ்டாக் இன்வர்ட்டரை வாங்கும் முன் டேட்டாஷீட்டில் இரண்டு வரிகளைப் படியுங்கள்: ஒரு எம்.பி.பி.டி.யின் அதிகபட்ச இன்புட் கரண்ட், அதிகபட்ச ஷார்ட் சர்க்யூட் கரண்ட். முதலாவது உங்கள் பேனலின் ஓடும் ஆம்பியருக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டாவது ஷார்ட் ஆம்பியருக்கு மேல் கால் பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும்.

அதே டேட்டாஷீட்டில் அதிகபட்சப் பேனல் வாட் என்றும் ஒரு வரி இருக்கும். 10 கிலோவாட் இன்வர்ட்டருக்குச் சில கம்பெனி 13 என்று போடும், சில 15 என்று போடும். அந்த எண்ணைத் தாண்டினால் மெஷின் ஓடும், வாரன்டி ஓடாது.

இன்வர்ட்டரை எங்கே மாட்டுவது

விகிதம் ஏறினால் இன்வர்ட்டர் மதியம் மூன்று மணி நேரம் முழு லோடில் நிற்கும். பெரும்பாலான இன்வர்ட்டர்கள் சுற்றுக் காற்று 45 டிகிரி வரைக்கும்தான் முழு 10 கிலோவாட்டைத் தரும். அதற்கு மேல் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே குறைத்துக்கொள்ளும். தகரக் கூரைக்குக் கீழே, கூரையை ஒட்டி மாட்டினால் ஏப்ரல் மதியத்தில் அங்கே 50 டிகிரிக்கு மேல் இருக்கும். அப்போது 10 கிலோவாட் இன்வர்ட்டர் 8 ஆகிவிடும். நீங்கள் போட்ட கணக்கு முழுக்கப் பிசகிவிடும்.

வடக்குச் சுவர், நாள் முழுக்க நிழல், இருபுறமும் ஒரு அடி, மேலும் கீழும் ஒன்றரை அடி இடைவெளி. தறிக்கூடத்துக்குள் மாட்டினால் பஞ்சு ஃபேனிலும் அலுமினியத் துடுப்புகளிலும் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை இன்வர்ட்டரை நிறுத்திவிட்டு பிளோயரால் ஊத வேண்டும். முடிந்தால் வெளியே தாழ்வாரத்தில் மாட்டுங்கள்.

கிராஃபைப் படிப்பது

தட்டையாக இருப்பதெல்லாம் கிளிப்பிங் அல்ல. எந்த உயரத்தில் தட்டை, எப்படித் தட்டை என்று பார்க்க வேண்டும்.

சரியாக 10.0-இல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல் நேராக நின்று, இரு பக்கமும் வழக்கமான வளைவு இறங்கினால் அது கிளிப்பிங். பயப்பட ஒன்றுமில்லை, எத்தனை மணி என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

10 வரை ஏறிவிட்டு, பிறகு மெல்ல மெல்ல 9, 8.5 என்று சரிந்து, மூன்று மணிக்கு மேல் வழக்கமான வளைவோடு சேர்ந்தால் அது சூடு. இன்வர்ட்டரைத் தொட முடியாத அளவு சுடும். இடத்தை மாற்றுங்கள் அல்லது ஃபேனைப் பாருங்கள்.

ரம்பப் பல்லைப் போல் ஏறி, சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, சில நிமிடம் கழித்து மறுபடி ஏறினால் அது ஈ.பி. லைனின் வோல்டேஜ் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை தறிகளெல்லாம் நிற்கும்போது, லைன் கடைசியில் இருக்கும் கூடங்களில் இதை அதிகம் பார்க்கலாம். எடுக்க ஆளில்லாமல் சோலார் கரண்ட் லைனில் தள்ளப்படும்போது ஃபேஸ் வோல்டேஜ் 253-ஐத் தாண்டும், இன்வர்ட்டர் கழன்றுகொள்ளும். இன்வர்ட்டரிலிருந்து மீட்டர் வரைக்கும் உள்ள கேபிள் மெல்லிசாக இருந்தால் இது இன்னும் மோசமாகும். முதலில் அந்தக் கேபிளைத் தடிமனாக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை மாற்றச் சொல்லிப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனி ஆளிடம் சொல்லி இன்வர்ட்டரின் வோல்டேஜ் வரம்பை ஏற்றிவிடுவது குறுக்குவழி. கூடத்திலுள்ள மற்ற மெஷின்களும் அந்த வோல்டேஜைத் தாங்க வேண்டும் என்பதை நினைக்க வேண்டும்.

10-க்குக் கீழே ஏதோ ஒரு எண்ணில், உதாரணமாக 8.0-இல், நேர்க்கோடாக நின்றால் யாரோ செட்டிங்கில் வரம்பு வைத்திருக்கிறார்கள், அல்லது மேலே சொன்ன ஆம்பியர் வரம்பு. ஒவ்வொரு எம்.பி.பி.டி.யின் ஆம்பியரையும் ஆப்பில் தனியாகப் பாருங்கள். அதுவும் 11-இல் நேர்க்கோடாக நின்றால் ஆம்பியர்தான் காரணம். ஆம்பியர் இறங்கி வோல்டேஜ் ஏறியிருந்தால் செட்டிங்.

வீட்டுக்குப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று

2024-இல் வந்த பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்கு மானியம் கணக்கிடும்போது பேனல் வாட், இன்வர்ட்டர் வாட் இரண்டில் எது குறைவோ அதையே எடுப்பார்கள். முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, மொத்தம் 78,000. 3 கிலோவாட் இன்வர்ட்டர் வாங்கி 540 வாட் பேனல் 5 மட்டும் போட்டால் பேனல் 2.7 கிலோவாட், மானியம் 72,600-தான் வரும். ஆறாவது பேனலைப் போட்டால் 3.24, மானியம் முழு 78,000. விகிதம் 1.08. ஏழாவதும் போட்டால் 1.26, மானியம் ஏறாது, ஆனால் நம் வெயிலில் அந்தப் பேனலும் கிட்டத்தட்ட எதையும் வீணாக்காமல் உழைக்கும். ஒற்றை ஃபேஸ் சின்ன இன்வர்ட்டர்களின் வோல்டேஜ் வரம்பு பெரும்பாலும் 500, 600 என்ற அளவில்தான் இருக்கும். 7 பேனல் ஒரே வரிசையில் 350 வோல்ட், தாங்கும். மானியத்துக்கு உள்நாட்டில் செய்த செல் கொண்ட பேனல்தான் செல்லும் என்பதால், பின்னாளில் கூட்டப் போகிற பேனலையும் இப்போதே சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. அதே மாடல் இரண்டு வருடம் கழித்துக் கிடைப்பது அரிது, வேறு ஆம்பியர் உள்ள பேனலைப் பழைய ஸ்ட்ரிங்கில் சேர்க்கவும் கூடாது.

ஏற்கெனவே 18 பேனலோடு ஓடும் 10 கிலோவாட் இன்வர்ட்டர் வைத்திருப்பவர்கள், காலியாக ஒரு எம்.பி.பி.டி. இருந்தால் அதில் புது ஸ்ட்ரிங்காக 6 பேனல் சேர்க்கலாம். 6 பேனல் மதியச் சூட்டில் 216 வோல்ட்தான் தரும். உங்கள் இன்வர்ட்டரின் எம்.பி.பி.டி. எந்த வோல்டேஜில் தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், 200 என்று போட்டிருந்தால் இழுபறியாக ஓடும். அப்படியிருந்தால் பழைய 18-ஐ 12, 6 என்று பிரித்து, அந்த 6-ஓடு அதே ஆம்பியர் உள்ள புதுப் பேனல் 6 கிடைக்குமா என்று தேடுவதே சரியான வழி. பேனல் எண்ணிக்கை மாறும்போது நெட் மீட்டர் விண்ணப்பத்தில் கொடுத்த அளவும் மாறுகிறது. பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேனல் ஆண்டுக்கு அரை சதவீதம் போலத் தேயும். 26 பேனல் போட்டு மார்ச் மாதத்தில் 10.9 தரப் பார்த்த அமைப்பு, பத்து ஆண்டு கழித்து 10.3 அளவுக்குத்தான் தரப் பார்க்கும். அட்டவணையில் உள்ள 15 சதவீதம் முதல் ஆண்டின் கணக்கு; அது ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வரும். பேனலைக் கழுவாமல் விட்டால் இறங்குவது கிளிப்பிங் மட்டுமல்ல, காலை எட்டரை மணி யூனிட்டும்தான். 15 நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறும் முன், உப்புத் தண்ணீர் இல்லாமல் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.